பஸ் பாஸா, ஷேர் வண்டியா, சொந்த வண்டியா? ஒரு மாதச் செலவை வைத்துக் கணக்குப் போட்டு முடிவெடுக்கும் வழி

“வண்டியில போனா மாசம் 880தான் ஆகுது, பஸ் பாஸுக்கு எதுக்கு 1000 கொடுக்கணும்?” வேலைக்குப் போகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். அந்த 880 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வீட்டிலிருந்து வேலையிடம் 12 கிலோமீட்டர், போக வர 24. மாதத்தில் 22 வேலை நாள். கம்பெனி சொன்ன மைலேஜ் 60. பெட்ரோல் லிட்டர் 100. பெருக்கி வகுத்தால் 880 வருகிறது. இதில் நாள் கணக்கும் தப்பு, மைலேஜும் தப்பு. வண்டிச் செலவு என்பது பெட்ரோலோடு முடிவதும் இல்லை. பஸ் பக்கம் வைத்த 1000 என்ற எண்ணும் சரியில்லை. அது பாஸின் விலை. அவர் பஸ்ஸில் போனால் உண்மையில் ஆகும் செலவு வேறு.

இந்த ஒரு கேஸையே கடைசிவரை எடுத்துக்கொண்டு போவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்காகச் சுலபமாகப் பெருக்கும்படி நான் வைத்தவை, அதனால்தான் நாணயம் எதுவும் போடவில்லை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போடும் முறை மாறாது.

படி 1: முதலில் ஒரு மாதம் எழுதி வையுங்கள்

கணக்குப் போட உட்காருவதற்கு முன்னால் ஒரு மாதம் குறிப்பு எடுக்க வேண்டும். இதைத் தாண்டிக் குதித்துவிட்டு நேராகக் கால்குலேட்டரை எடுப்பவர்களின் கணக்குதான் பெரும்பாலும் கவிழ்கிறது. ஏனென்றால் எத்தனை முறை போனோம் என்பதை யாருக்கும் மனக்கணக்காகச் சரியாகச் சொல்ல வராது. நாட்காட்டியைப் பார்த்து 22 என்று சொல்லிவிடுவோம். வீட்டிலிருந்து வேலை செய்த நாள், விடுப்பு எடுத்த நாள், சாயங்காலம் யாரோ ஒருவர் வண்டியில் ஏறி வந்த நாள் எல்லாம் அதில் மறைந்துபோகும்.

போனிலேயே ஒரு குறிப்பு திறந்து, ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வரி எழுதினால் போதும். போவது ஒரு வரி, வருவது இன்னொரு வரி. இரண்டையும் சேர்த்து ஒரு நாள் என்று எழுதாதீர்கள். காலையில் பஸ், இரவில் டாக்ஸி என்று கலந்து போகிற நாட்கள்தான் பின்னால் முடிவை மாற்றப்போகின்றன. வரியில் இருக்க வேண்டியவை: தேதி, போக்கா வரவா, எதில் போனீர்கள், கையை விட்டுப் போன மொத்தப் பணம், வீட்டு வாசலிலிருந்து வேலையிடத்து வாசல்வரை ஆன நிமிடம். வழக்கத்தை விட்டு மாறியிருந்தால் ஏன் என்று ஒரு சொல்.

நிமிடத்தை வாசலிலிருந்து வாசலுக்குத்தான் எடுக்க வேண்டும். பஸ் ஓடும் நேரம் 40 நிமிடம் என்றால் நிறுத்தத்துக்கு நடந்ததும், காத்திருந்ததும், இறங்கி மாறியதும் சேர்ந்து 65 ஆகியிருக்கும். வண்டிக்கும் அதே விதி. ஹெல்மெட் மாட்டி வண்டியை வெளியே எடுப்பதும், நிறுத்த இடம் தேடுவதும், அங்கிருந்து நடப்பதும் சேரும்.

நம் கேஸில் குறிப்பு இப்படி வந்தது என்று வையுங்கள். நாட்காட்டிப்படி 22 வேலை நாள். வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை, அதில் 4 போச்சு. ஒரு நாள் விடுப்பு. மீதி 17 நாள், அதாவது 34 பயணம். இந்த 34-இல் 4 முறை இரவு வேலை நீண்டு, கடைசி பஸ் போய்விட்டதால் தனியாக டாக்ஸி பிடித்து வர வேண்டியிருந்தது. ஒரு தடவைக்கு 150.

இந்த நான்கு இரவுகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 2: பாஸ் எத்தனையாவது பயணத்தில் லாபமாகிறது?

பாஸின் விலையை ஒரு பயணத்துக்கு ஆகும் சீட்டு விலையால் வகுத்தால், எத்தனை பயணம் போனால் பாஸ் லாபம் என்பது வந்துவிடும். நம் கேஸில் இரண்டு பஸ் மாற வேண்டும்: முதல் பஸ் 20, இரண்டாவது 10, ஆக ஒரு பயணத்துக்கு 30. பாஸ் 1000. 1000-ஐ 30-ஆல் வகுத்தால் 33.3. அதாவது 34-ஆவது பயணத்தில்தான் பாஸ் தன் காசைத் திருப்பித் தருகிறது.

இவர் மொத்தம் போனதே 34 பயணம், அதில் பஸ்ஸில் போனது 30. சீட்டு வாங்கிப் போயிருந்தால் 900. பாஸ் வாங்கியதால் 100 நஷ்டம். வார இறுதியில் கடைத்தெருவுக்கோ உறவினர் வீட்டுக்கோ போக முதல் பஸ்ஸில் 4 தடவை ஏறியிருந்தால் அதில் 80 மிச்சம், நஷ்டம் 20 ஆகக் குறையும். ஆனால் இங்கே கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். பாஸ் கையில் இருக்கிறதே என்று ஒரு நிறுத்தம் தள்ளி இருக்கிற கடைக்கு பஸ் ஏறினால் அது மிச்சக் கணக்கில் வராது, பாஸ் இல்லாவிட்டால் நடந்துதான் போயிருப்பீர்கள். காசு கொடுத்தாவது போயிருப்போம் என்கிற பயணங்களை மட்டும் சேருங்கள்.

பாஸ் எதில் எல்லாம் செல்லும் என்பதையும் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். விரைவு பஸ், ஏசி பஸ் இதற்கெல்லாம் சாதாரண பாஸ் செல்லாமல் போகலாம். நம் ஆள் ஏறும் இரண்டாவது பஸ் வேறு நிறுவனத்துடையது, பாஸ் அதில் செல்லாது என்றால் கணக்கே தலைகீழ். அப்போது பாஸ் காப்பாற்றுவது பயணத்துக்கு 20 மட்டும்தான். 1000-ஐ 20-ஆல் வகுத்தால் 50 பயணம். மாதம் 34 போகிறவருக்கு அது எட்டாத தூரம். இன்னொரு சிக்கல், வழக்கமான பஸ் கூட்டமாக வந்தால் அடுத்து வருகிற ஏசி பஸ்ஸில் ஏறிவிடுவது. அந்தச் சீட்டுக் காசு பாஸ் விலைக்கு மேல் போகிற செலவு. குறிப்பில் ‘கையை விட்டுப் போன மொத்தப் பணம்’ என்று எழுதச் சொன்னது இதற்காகவும்தான்.

சில ஊர்களில் பயண அட்டைக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். ஒரு நாளிலோ வாரத்திலோ இவ்வளவு தொகை கழிந்த பிறகு மீதிப் பயணங்களுக்குக் காசு கழியாது. உங்கள் ஊரில் அப்படி இருந்தால், உச்சவரம்புத் தொகையைப் பாஸ் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாஸ் தேவையே இல்லாமல் போகலாம்.

வாரம் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை என்ற ஏற்பாடு அடுத்த மாதம் ரத்தானால்? அப்போது 21 நாள், 42 பயணம். நான்கு டாக்ஸி போக 38. சீட்டில் 1140 ஆகும், பாஸ் 140 லாபம். ஆக பாஸ் நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்ல முடியாது, அந்தந்த மாதத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். வாங்கிய தேதியிலிருந்து 30 நாள் என்கிற பாஸாக இருந்தால் நீண்ட விடுப்பு முடிந்து வந்த அன்று வாங்குங்கள். மாதம் முதல் தேதியிலிருந்து கடைசித் தேதிவரை என்கிற பாஸாக இருந்தால், பண்டிகை விடுமுறை வரும் மாதத்தில் சீட்டே போதும்.

சரி, பஸ்ஸுக்கான மொத்தம்: சீட்டு 900, நான்கு இரவு டாக்ஸி 600, ஆக 1500. டாக்ஸியைப் பஸ் கணக்கில் சேர்ப்பதா என்று சிலர் கேட்பார்கள். சேர்க்கத்தான் வேண்டும். பஸ்ஸை நம்பியிருந்ததால் வந்த செலவுதானே அது. 1500-இல் ஐந்தில் இரண்டு பங்கு அந்த நான்கு இரவுகளுக்கே போயிருக்கிறது.

படி 3: ஷேர் வண்டியில் ‘ஒரு ஆளுக்கு இவ்வளவு’ என்பதை அப்படியே எடுக்காதீர்கள்

ஷேர் வண்டி என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டின் கணக்கும் வேறு.

ஆப் வழியாகப் பிடிப்பதும், ஆள் சேர்ந்ததும் கிளம்புகிற ஷேர் வண்டியும் முதல் வகை. போகிற அன்றைக்கு மட்டும் காசு. இதில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஆப் முதலில் காட்டிய கட்டணத்தை மறந்துவிட்டு, ஒரு மாதம் உண்மையில் கொடுத்ததின் சராசரியை எடுங்கள். நீங்கள் போகிற நேரத்தில்தான் எல்லோரும் போகிறார்கள், அதனால் நெரிசல் நேரக் கட்டணம் உங்களுக்கு எப்போதாவது வருவதில்லை, அநேகமாகத் தினமும் வரும். மதியம் பார்த்தபோது 60 காட்டியது சராசரியில் 75 என்று நின்றால் 34 பயணத்துக்கு 2550. மழை நாளில் வண்டியே கிடைக்காமல் அரை மணி நேரம் நின்றதை நிமிடக் கணக்கில் பார்க்கலாம்.

இரண்டாவது வகை, கூட வேலை பார்ப்பவர்களோடு சேர்ந்து ஒரே காரில் போவது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பங்கு பிரிப்பதில்தான் நட்பு கசக்கிறது. கார் ஓட ஒரு கிலோமீட்டருக்கு 9 ஆகிறது என்று வைப்போம், பெட்ரோலும் தேய்மானப் பராமரிப்பும் சேர்த்து. நேர்வழி 24 கிலோமீட்டர்தான், ஆனால் ஆட்களை ஏற்றி இறக்க வளைந்து போனால் 27 ஆகும். ஒரு நாளைக்கு 243. ஓட்டுகிறவரையும் சேர்த்து நான்கு பேர் என்றால் ஆளுக்கு 61. ஒரு பயணத்துக்கு 30 சொச்சம். பஸ் சீட்டு விலைதானே, உட்கார்ந்தும் போகலாமே என்று தோன்றும்.

ஆனால் நான்கு பேரும் தினமும் வருவதில்லை. ஒருவருக்கு விடுப்பு, இன்னொருவருக்கு வெளியூர் வேலை. சராசரியாக மூன்று பேர்தான் என்றால் பங்கு ஒரு நாளைக்கு 81, பயணத்துக்கு 40.50. நம் ஆளுக்கு 30 பயணம் என்றால் 1215. இரவு நீள்கிற அந்த நான்கு நாளும் காரில் மற்றவர்கள் காத்திருக்க மாட்டார்கள். அதே 600 இங்கேயும் வந்து உட்காரும். மொத்தம் 1815.

சேர்ந்து போவது என்று முடிவு செய்தால் முதல் நாளே மூன்று கேள்விக்குப் பதில் பேசிவிடுங்கள். வராத நாளுக்குப் பங்கு உண்டா? ஒருவர் நிரந்தரமாக விலகினால் மீதிப் பேரின் பங்கு எவ்வளவு? டயர், சர்வீஸ் செலவு கிலோமீட்டருக்கான தொகைக்குள்ளேயே சேர்ந்திருக்கிறதா, அல்லது கார்க்காரர் தனியாகக் கேட்பாரா? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆறு மாதம் கழித்து நான்கு டயர் மாற்றும் நாளில் அது தானாக எழுந்து வரும். அப்புறம் இன்னொன்று. பல இடங்களில் சொந்த உபயோகத்துக்கான காரில் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம், ஆனால் லாபம் வைத்துக் காசு வாங்கினால் அது வாடகை வண்டி ஓட்டுவது போல் ஆகிவிடும். விபத்து நேர்ந்தால் காப்பீடு மறுக்கப்படவும் இடம் உண்டு. தன் பாலிசியில் இதற்கு என்ன எழுதியிருக்கிறது என்று கார்க்காரர் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மாத வாடகைக்குப் பேசிய வேனும் உண்டு. போனாலும் போகாவிட்டாலும் அதே தொகை என்பதால் அதைப் பாஸ் மாதிரியே வகுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

படி 4: சொந்த வண்டிக்கு இரண்டு கணக்கு

வண்டிச் செலவில் ஒரு பகுதி ஓடினால்தான் ஆகும்: எரிபொருள், எஞ்சின் ஆயில், டயர், பிரேக், நிறுத்தக் கட்டணம். இன்னொரு பகுதி வண்டி வாசலில் சும்மா நின்றாலும் ஆகும்: காப்பீடு, வரி, விலை இறக்கம், போட்ட முதலின் வட்டி. இந்த இரண்டையும் கலந்தால் எந்த முடிவையும் நியாயப்படுத்திவிடலாம். வண்டி பிடித்தவர் முதல் பகுதியை மட்டும் சொல்வார், பிடிக்காதவர் இரண்டையும் கூட்டிச் சொல்வார்.

எதை எடுப்பது என்பது உங்கள் நிலைமையைப் பொறுத்தது. வீட்டில் வேறு தேவைகளுக்காக வண்டி ஏற்கனவே இருக்கிறது, வேலைக்கு எடுத்துப் போகாவிட்டாலும் அதை விற்கப் போவதில்லை என்றால், ஓடும் செலவை மட்டும் எடுங்கள். காப்பீட்டை எப்படியும் கட்டத்தான் போகிறீர்கள். வேலைக்குப் போவதற்காகவே வாங்கப் போகிறீர்கள், அல்லது வேலைக்கு எடுக்காவிட்டால் விற்றுவிடலாம் என்றால் இரண்டையும் கூட்ட வேண்டும். இந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்வதுதான் இந்த முழு வழிகாட்டியிலேயே கஷ்டமான வேலை என்பது என் அபிப்பிராயம்.

முதலில் ஓடும் செலவு. மைலேஜை நீங்களே அளக்க வேண்டும். கம்பெனி சொல்வது சோதனைச் சூழலில் எடுத்த எண். சிக்னலில் நின்று நின்று போகிற, எஞ்சின் சூடாகும் முன்பே பாதி தூரம் முடிந்துவிடுகிற பயணத்தில் அது வராது. பெட்ரோல் பங்கில் தானாக நிற்கும்வரை டேங்கை நிரப்புங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். வழக்கம்போல் ஓட்டுங்கள். அடுத்த முறை மறுபடியும் தானாக நிற்கும்வரை நிரப்பி, எத்தனை லிட்டர் போனது என்று பாருங்கள். ஓடிய கிலோமீட்டரை அந்த லிட்டரால் வகுத்தால் மைலேஜ். இரு சக்கர வண்டியென்றால் இரண்டு தடவையும் ஒரே மாதிரி நிறுத்தி நிரப்புங்கள். ஒருமுறை சைட் ஸ்டாண்டிலும் மறுமுறை நேராகவும் நிறுத்தினால் சின்ன டேங்கில் அந்தச் சாய்வே கணக்கைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று நிரப்பலின் சராசரியை எடுப்பது பாதுகாப்பு. அளந்த மைலேஜ் திடீரென்று இறங்கினால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். காற்று குறைந்தால் எரிபொருள் கூடுதலாகக் குடிக்கும்.

நம் கேஸில் 60 என்று சொன்ன வண்டி அளந்ததில் 45 கொடுத்தது. கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 2.22. ஆயில் மாற்றும் சர்வீஸ் 3000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 900 என்றால் 0.30. டயர் ஜோடி 4500, 25000 கிலோமீட்டர் வரும் என்றால் 0.18. பிரேக், செயின், பல்பு மாதிரி சில்லறைகளுக்கு 0.20 வைப்போம். ஆக 2.90. மாதம் 17 நாள், 24 கிலோமீட்டர், மொத்தம் 408. அதற்கு 1183. நிறுத்துவதற்கு நாளைக்கு 20 வீதம் 340. கூட்டினால் 1523.

முதலில் 880 என்று சொன்னவருடைய அதே வண்டிதான் இது. 22 நாளைக்குப் போட்ட 880, நாள் 17 ஆகக் குறைந்த பிறகும் 1523.

இப்போது நிற்கும் செலவு. வேலைக்காகவே புது வண்டி வாங்குவதாக இருந்தால் இது சேரும். வாங்கும் விலை 96000, ஐந்து வருடம் கழித்து 36000-க்கு விற்கலாம் என்று வைப்போம். விலை இறங்கியது 60000, மாதத்துக்கு 1000. காப்பீடு வருடம் 3000, மாதத்துக்கு 250. வட்டிக்கு, வண்டியில் சராசரியாகக் கிடக்கும் பணத்தை எடுக்க வேண்டும். வாங்கிய விலையும் விற்கும் விலையும் சேர்ந்த தொகையில் பாதி, 66000. 8 சதவீதம் என்றால் வருடம் 5280, மாதம் 440. மூன்றும் சேர்ந்து 1690. ஓடும் செலவோடு கூட்டினால் மாதம் 3213, ஒரு பயணத்துக்கு 94.50.

இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு மாதத் தவணையைச் செலவாக எழுதுவது. தவணையின் ஒரு பகுதி அசல். அந்த அசல் வண்டியாக உங்களிடம்தான் இருக்கிறது, அது கரைவதை விலை இறக்கமாக ஏற்கனவே எழுதிவிட்டோம். தவணையையும் விலை இறக்கத்தையும் சேர்த்து எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். விலை இறக்கம் எழுதினால் கடனில் வட்டியை மட்டும் எழுதுங்கள். கைக்காசு போட்டு வாங்கியிருந்தாலும் வட்டி உண்டு, அந்தப் பணம் வங்கியில் இருந்திருந்தால் ஈட்டியிருக்கும் தொகை அது.

பழைய வண்டியில் விலை இறக்கம் கொஞ்சம்தான் இருக்கும், ஏற்கனவே இறங்கிவிட்டது. அதற்குப் பதில் பழுதுச் செலவு ஏறும். கடந்த ஒரு வருடத்து மெக்கானிக் பில்களைக் கூட்டி, அந்த வருடம் ஓடிய கிலோமீட்டரால் வகுங்கள், சில்லறை என்று நான் வைத்த 0.20-க்குப் பதில் அந்த எண்ணைப் போடுங்கள். காருக்கும் இதே முறைதான். நிற்கும் செலவின் பங்கு இன்னும் பெரிதாக இருக்கும், ஆகவே ‘எப்படியும் வீட்டில் இருக்கும் கார்தானா?’ என்ற கேள்விக்கான பதில் விடையை இன்னும் அதிகமாகப் புரட்டும்.

படி 5: வரிசையாக வைத்துப் பாருங்கள், கலந்தும் பாருங்கள்

ஒரு மாதம், 34 பயணம், எல்லாம் சேர்த்து:

- பஸ், சீட்டு வாங்கி, நான்கு இரவு டாக்ஸியோடு: 1500
- பஸ், பாஸ் வாங்கி, அதே டாக்ஸியோடு: 1600. வார இறுதி மிச்சத்தைக் கழித்தால் 1520
- ஏற்கனவே இருக்கும் வண்டி: 1523
- சேர்ந்து போகும் கார், டாக்ஸியோடு: 1815
- ஆப் ஷேர் வண்டி: 2550
- வேலைக்காகவே வாங்கும் வண்டி: 3213

மேலே இருக்கும் மூன்றும் அநேகமாக ஒன்றுதான். இவ்வளவு சின்ன வித்தியாசத்தை வைத்து முடிவெடுக்கக் கூடாது, அடுத்த மாதம் ஒரு டாக்ஸி கூடினாலே வரிசை மாறிவிடும்.

நிறைய பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லையே. குறிப்பைத் திரும்ப எடுத்து அந்த நான்கு இரவுகளைப் பாருங்கள். எப்போது வந்தன? மாதக் கணக்கு முடிக்கும் நாட்களிலோ, ஷிஃப்ட் மாறும் நாளிலோ வந்திருந்தால் முந்தின நாளே தெரிந்திருக்கும். வீட்டில் வண்டி இருக்கிறது என்றால் அந்த நான்கு நாள் மட்டும் வண்டியில் போகலாம். 96 கிலோமீட்டருக்கு 278, நிறுத்தக் கட்டணம் 80, ஆக 358. மீதி 13 நாள் பஸ், 26 பயணம், சீட்டில் 780. மொத்தம் 1138. பட்டியலில் இருக்கும் எல்லாவற்றையும்விடக் குறைவு.

இப்படிக் கலந்து போகிறவர் பாஸ் வாங்கக் கூடாது. பஸ் பயணம் 26 ஆகக் குறைந்துவிட்டதால் 34 என்ற எல்லையை எட்டாது. பாஸ் வாங்கினால் 1358 ஆகிவிடும். அது மட்டுமில்லை, காசு கட்டிவிட்டோமே என்று வண்டி தேவைப்படும் நாளிலும் பஸ்ஸில் போய், இரவில் மறுபடி டாக்ஸி பிடிப்பீர்கள்.

தாமதம் முன்கூட்டித் தெரியாத வேலையென்றால் இந்தக் கலவை வேலை செய்யாது. அப்போது கேட்க வேண்டியது, எத்தனை டாக்ஸி வரை பஸ் தாங்கும் என்பது. தாமதமான ஒவ்வொரு இரவும் 30 சீட்டுக்குப் பதில் 150 டாக்ஸி, அதாவது 120 கூடுதல். நான்கு இரவில் பஸ்ஸும் வண்டியும் சமம். மாதத்துக்கு ஆறு ஏழு இரவு என்றால் இருக்கும் வண்டியைத் தினமும் எடுப்பதே மேல். இரண்டு இரவு என்றால் யோசிக்காமல் பஸ். வண்டியே இல்லாதவர் இந்த டாக்ஸிச் செலவுக்குப் பயந்து புது வண்டி வாங்கப் போனால், 3213-ஐ எட்ட மாதம் 19 இரவாவது தாமதமாக வேண்டும். அவர் வேலைக்குப் போவதே 17 நாள்!

படி 6: நேரத்தைக் கடைசியில் சேருங்கள்

நேரத்துக்கு விலை வைத்து ஆரம்பத்திலேயே செலவோடு கூட்டிவிட்டால், விரும்பிய விடை வரும்வரை அந்த விலையை ஏற்றிக்கொண்டே போகலாம். அதனால் நான் அதைத் தனியாக வைக்கச் சொல்வேன். பஸ்ஸில் வாசலுக்கு வாசல் 65 நிமிடம், வண்டியில் 40. ஒரு பயணத்துக்கு 25 நிமிடம், பஸ்ஸில் போன 30 பயணத்துக்குப் பன்னிரண்டரை மணி நேரம். புது வண்டி பஸ்ஸைவிட மாதம் 1713 கூடுதல். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 137 கொடுத்து வாங்குகிறீர்கள்.

இந்த எண்ணை உங்கள் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள், அந்த மணி நேரத்தில் யாரும் உங்களுக்குச் சம்பளம் தரப்போவதில்லை. குழந்தையைப் பள்ளியிலிருந்து நேரத்துக்கு அழைத்து வரத் தனி ஆள் வைத்திருக்கிறீர்கள், அந்த நேரம் மிச்சமானால் அந்தச் செலவு நிற்கும் என்றால் 137 மலிவு. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்துக்கொண்டு படுக்கத்தான் போகிறீர்கள் என்றால் வேறு கதை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம், படிக்கலாம். நின்றுகொண்டே போகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே குறிப்பில் ‘இடம் கிடைத்தது’ என்று ஒரு சொல் சேர்த்து எழுதியிருந்தால் இங்கே உதவும்.

சராசரி நிமிடத்தை மட்டும் பார்த்தாலும் போதாது. மிக மோசமான நாளில் எவ்வளவு ஆனது என்று பாருங்கள். நேரம் தவறினால் சம்பளம் பிடிக்கிற இடத்தில் வேலை என்றால், 65 நிமிடச் சராசரியில் 95 நிமிடம் ஆன நாட்களும் இருக்கிற பஸ்ஸுக்கு நீங்கள் தினமும் 95 நிமிடம் முன்னதாகவே கிளம்ப வேண்டியிருக்கும். அப்போது உங்கள் பயண நேரம் 95 என்றுதான் எழுத வேண்டும்.

எப்போது மறுபடி கணக்குப் போடுவது

எரிபொருள் விலை ஏறினால் எல்லோரும் பதறுவார்கள், ஆனால் நம் கேஸில் அது 20 சதவீதம் ஏறினாலும் வண்டிச் செலவு மாதத்துக்கு 180 சொச்சம்தான் கூடும். வேலைக்குப் போகும் நாட்கள் மாறுவதும், நிறுத்தக் கட்டணம் புதிதாக வருவதும், கடைசி பஸ்ஸின் நேரம் மாறுவதும்தான் விடையை அதிகமாக அசைக்கும். கடைசி பஸ் ஒரு மணி நேரம் தள்ளி ஓடத் தொடங்கினால் அந்த நான்கு டாக்ஸியில் மூன்று போய்விடலாம். 1500 என்பது 1140 ஆகிவிடும், வண்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம். பஸ் பயணமும் 33 ஆகி பாஸின் எல்லைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வார இறுதிப் பயணம் ஒன்றிரண்டு இருந்தால், அந்த மாதம் பாஸ் வாங்கிவிடலாம்.